ஐந்து மாநிலம், நாலு எண்: எந்தக் கோட்டுருவிலும் இரண்டு முனைகளுக்குப் படி ஒன்றாக இருப்பது ஏன்?

தென்னிந்திய வரைபடம் ஒன்றை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா என ஐந்து மாநிலங்கள். இந்த ஐந்துக்குள் மட்டும் பார்த்தால், ஒவ்வொரு மாநிலமும் எத்தனை மாநிலங்களோடு எல்லையைப் பகிர்ந்துகொள்கிறது? மகாராஷ்டிரம், கோவா, ஒடிசா எல்லாம் இந்தக் கணக்கில் வராது.

தமிழ்நாட்டுக்குக் கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று மூன்று. கேரளத்துக்குத் தமிழ்நாடும் கர்நாடகமும், ஆக இரண்டு. கர்நாடகம் மற்ற நான்கையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது: தெற்கே தமிழ்நாடும் கேரளமும், கிழக்கே ஆந்திரமும் தெலங்கானாவும். ஆந்திரத்துக்குத் தமிழ்நாடு, கர்நாடகம், தெலங்கானா என மூன்று. தெலங்கானாவுக்குக் கர்நாடகம், ஆந்திரம் என இரண்டு.

வரிசையாக எழுதினால் 3, 2, 4, 3, 2. தமிழ்நாடும் ஆந்திரமும் ஒரே எண், கேரளமும் தெலங்கானாவும் ஒரே எண்.

இது தற்செயலா? தெலங்கானா பிரிந்தது 2014 ஜூன் 2ஆம் தேதி. அதற்கு முந்தைய வரைபடத்தில் நாலு மாநிலங்கள்தான். தமிழ்நாட்டுக்கு 3, கேரளத்துக்கு 2, கர்நாடகத்துக்கு 3, ஒன்றுபட்ட ஆந்திரத்துக்கு 2. அப்போதும் எண்கள் ஒன்றோடொன்று மோதின. நாளைக்கே எந்த மாநிலத்தை எப்படிப் பிரித்தாலும், எல்லைகளை எப்படி மாற்றிப் போட்டாலும், குறைந்தது இரண்டு மாநிலங்களுக்காவது ஒரே எண் வந்தே தீரும். அது ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கூட்டல் கழித்தலுக்கு மேல் கணிதம் எதுவும் தேவையில்லை. ஆனால் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.

முதலில் சொற்கள்

மேலே நாம் செய்தது ஒரு கோட்டுருவை வரைந்ததுதான். கல்லூரியில் இதையே கிராஃப் என்பார்கள். மாநிலங்கள் முனைகள். எல்லையைப் பகிரும் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஒரு கோடு போட்டால் அது விளிம்பு. ஒரு முனையிலிருந்து எத்தனை விளிம்புகள் கிளம்புகின்றனவோ அதுதான் அந்த முனையின் படி. கர்நாடகத்தின் படி 4, கேரளத்தின் படி 2.

இரண்டு நிபந்தனைகளை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் இவற்றுக்கு வேலை இருக்கிறது. எந்த இரண்டு முனைகளுக்கு நடுவிலும் அதிகபட்சம் ஒரே ஒரு விளிம்புதான் இருக்கலாம். எந்த முனையும் தன்னோடு தானே இணையக் கூடாது. இந்த இரண்டுக்கும் உட்பட்டதை எளிய கோட்டுரு என்பார்கள். இந்தக் கட்டுரையில் கோட்டுரு என்றால், வேறுவிதமாகச் சொல்லாத வரை, எளிய கோட்டுருதான்.

கையால் படிகளை எண்ணும்போது தப்பு வருவது சகஜம். அதைப் பிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. எல்லாப் படிகளையும் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு விளிம்பும் அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு முறை எண்ணப்படுவதால், கூட்டுத்தொகை விளிம்புகளின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்காக இருக்க வேண்டும். நம் கணக்கில் 3+2+4+3+2 = 14. வரைபடத்தில் விளிம்புகள் ஏழு. சரியாக இருக்கிறது. கூட்டுத்தொகை ஒற்றைப்படையாக வந்தால், மேலே போகாமல் மறுபடியும் எண்ணுங்கள்.

நாம் நிறுவப் போகும் கூற்று இது: குறைந்தது இரண்டு முனைகளாவது உள்ள எந்தக் கோட்டுருவிலும் ஒரே படி கொண்ட இரண்டு முனைகள் இருக்கும்.

முதல் முயற்சி, அது சிக்கும் இடம்

கருவி புறாக்கூண்டுக் கொள்கை. பத்துப் புறாக்கள் ஒன்பது கூண்டுகளுக்குள் போனால், ஏதாவது ஒரு கூண்டில் இரண்டு புறாக்களாவது இருக்கும். ஜெர்மானியக் கணிதவியலாளர் டிரிஷ்லே பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்கோட்பாட்டில் இதைத் திறம்படக் கையாண்டதால், அவர் பெயராலும் இதை அழைப்பதுண்டு. கொள்கையைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். எதைப் புறாவாக எடுப்பது, எதைக் கூண்டாக எடுப்பது என்று தீர்மானிப்பதில்தான் வேலை இருக்கிறது.

இங்கே அது கடினமாகத் தெரியவில்லை. முனைகள் புறாக்கள், படிகள் கூண்டுகள். ஒரே கூண்டில் இரண்டு முனைகள் விழுந்தால் இரண்டுக்கும் ஒரே படி, அதுதானே நமக்கு வேண்டும்? சரி, எத்தனை கூண்டுகள் என்று எண்ணுவோம். கோட்டுருவில் n முனைகள் இருக்கட்டும். ஒரு முனைக்கு மற்ற முனைகள் n−1. அது யாரோடும் சேராமல் இருக்கலாம், அப்போது படி 0. எல்லாரோடும் சேரலாம், அப்போது படி n−1. ஆக, 0, 1, 2 என்று தொடங்கி n−1 வரை படி எதுவாகவும் இருக்கலாம்.

இப்போது கூண்டுகளை எண்ணுங்கள். 0 முதல் n−1 வரை மொத்தம் n எண்கள். புறாக்களும் n. ஆளுக்கொரு கூண்டு கிடைத்துவிடுகிறது, யாரும் யாரோடும் மோத வேண்டிய அவசியமில்லை. கொள்கை வேலை செய்யவில்லை.

புதிதாகப் படிப்பவர்களில் பலர் இங்கே ஒரு குறுக்குவழியில் இறங்குகிறார்கள். 0 முதல் n−1 வரை என்பதை அவசரமாக n−1 எண்கள் என்று எண்ணிவிட்டு, நிரூபணம் முடிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். விடை சரி, வழி தப்பு. இன்னும் சிலர் படி 0 என்பதே கிடையாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு யாரும் அனுமதி தரவில்லை. விளிம்பே இல்லாத முனையும் முனைதான்.

பூட்டு திறக்கும் இடம்

வரைபடத்துக்குத் திரும்புவோம். ஐந்து மாநிலங்கள், ஆகவே படிகள் 0, 1, 2, 3, 4 என்று எதுவாகவும் இருக்கலாம். இதில் கர்நாடகத்தைக் கவனியுங்கள். அதன் படி 4, அதாவது மற்ற எல்லா மாநிலங்களையும் அது தொடுகிறது. அப்படியென்றால் மற்ற ஒவ்வொரு மாநிலத்துக்கும் கர்நாடகமாவது அண்டை. யாருக்கும் 0 வர வழியே இல்லை. கர்நாடகம் ஒன்று 4 எடுத்ததால் 0 என்ற கூண்டு மூடிக்கொண்டது. மிச்சம் 1, 2, 3, 4 என்று நாலு கூண்டுகள். மாநிலங்கள் ஐந்து. மோதல் நிச்சயம்.

இப்போது ஆறாவதாக லட்சத்தீவைச் சேர்ப்போம். அது நாலா பக்கமும் கடல் சூழ்ந்த ஒன்றியப் பகுதி, நிலத்தில் யாரோடும் அதற்கு எல்லை இல்லை. படி 0. முனைகள் ஆறு என்பதால், படி 0 முதல் 5 வரை இருக்கலாம் என்று முதல் பார்வைக்குத் தோன்றும். ஆனால் 5 வர வேண்டுமென்றால் ஒரு முனை மற்ற ஐந்தையும் தொட வேண்டும், அந்த ஐந்தில் லட்சத்தீவும் ஒன்று. லட்சத்தீவை யாரும் தொடவில்லை. ஆகவே 5 என்ற கூண்டு மூடிக்கொண்டது. கர்நாடகத்துக்கு இப்போதும் 4தான். மிச்சம் 0, 1, 2, 3, 4 என்று ஐந்து கூண்டுகள், முனைகள் ஆறு. மறுபடியும் மோதல்.

விஷயம் இவ்வளவுதான். எல்லாரோடும் சேர்ந்த ஒருவரும் யாரோடும் சேராத ஒருவரும் ஒரே கோட்டுருவில் இருக்க முடியாது. இருந்தால் அவர்கள் இருவருக்கும் நடுவே விளிம்பு உண்டா இல்லையா என்ற ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள். முதலாமவர் உண்டு என்பார், இரண்டாமவர் இல்லை என்பார். ஆகவே 0, n−1 என்ற இரண்டு கூண்டுகளில் ஒன்றாவது எப்போதும் காலியாக இருக்கும். பட்டியலில் n கூண்டுகள் இருந்தாலும் பயன்பாட்டுக்கு வருவது அதிகபட்சம் n−1தான்.

இரண்டு கூண்டுகளுமே காலியாகக் கிடக்கும் நிலையும் உண்டு. லட்சத்தீவை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் புதுச்சேரியைச் சேர்த்துப் பாருங்கள். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டை ஒட்டியவை, மாஹே கேரளத்தை ஒட்டியது, ஏனாம் ஆந்திரத்தை ஒட்டியது. ஆகப் புதுச்சேரிக்குப் படி 3. அதோடு தமிழ்நாடு 4 ஆகிறது, கேரளம் 3, ஆந்திரம் 4, கர்நாடகம் அதே 4, தெலங்கானா அதே 2. கூட்டினால் 20, விளிம்புகள் பத்து, சரி. இங்கே 0 எடுத்தவரும் இல்லை, 5 எடுத்தவரும் இல்லை. ஆறு முனைகளுக்கு 1 முதல் 4 வரை நாலே கூண்டுகள்தான் மிச்சம். நெருக்கடி இன்னும் கூடுகிறது, நமக்கு அது வசதிதான்.

நிரூபணத்தை எழுதும் முறை

புரிந்துவிட்டது என்பது வேறு, தாளில் ஓட்டையில்லாமல் எழுதுவது வேறு. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

கோட்டுருவில் n முனைகள், n ≥ 2. ஒவ்வொரு முனையின் படியும் 0, 1, …, n−1 என்ற n எண்களில் ஒன்று. படி 0 கொண்ட u என்ற முனையும் படி n−1 கொண்ட v என்ற முனையும் இருப்பதாகக் கொள்வோம். n ≥ 2 என்பதால் 0 ≠ n−1, ஆகவே u, v இரண்டும் வெவ்வேறு முனைகள். v மற்ற எல்லா முனைகளோடும் இணைந்திருப்பதால் u-வோடும் இணைந்திருக்கிறது. ஆனால் u-வுக்கு விளிம்பே இல்லை. முரண்பாடு. எனவே 0, n−1 இரண்டும் ஒருசேரப் படியாக வர முடியாது. ஆக, கோட்டுருவில் வரும் வெவ்வேறு படிகள் அதிகபட்சம் n−1. முனைகளோ n. புறாக்கூண்டுக் கொள்கைப்படி, இரண்டு முனைகளுக்குப் படி ஒன்றே.

இதில் பலர் விட்டுவிடும் வரி, u, v வெவ்வேறு முனைகள் என்பது. n ≥ 2 என்ற நிபந்தனை பயன்படுவதே அங்கேதான். ஒரே ஒரு முனை மட்டும் உள்ள கோட்டுருவை எடுத்துப் பாருங்கள். n = 1 என்றால் n−1 என்பது 0. அந்த ஒற்றை முனை யாரோடும் சேரவில்லை. மற்ற எல்லாரோடும் சேர்ந்துவிட்டது என்றும் சொல்லலாம், மற்றவர் என்று யாருமே இல்லையே! இரண்டு பட்டமும் ஒரே முனைக்குப் போவதால் முரண்பாடு வருவதில்லை, கூற்றும் அங்கே பொய்த்துப்போகிறது. ஒரு நிரூபணத்தைப் படிக்கும்போது, கொடுத்த ஒவ்வொரு நிபந்தனையும் எந்த வரியில் செலவாகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். எங்கேயும் செலவாகவில்லை என்றால், நிபந்தனை தேவையற்றது, அல்லது நிரூபணத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

கொஞ்சம் மாற்றியும் எழுதலாம். தொடக்கத்திலேயே 0, n−1 இரண்டுக்கும் சேர்த்து ஒரே கூண்டு வைத்துவிடுங்கள். மற்ற 1, 2, …, n−2 எண்களுக்குத் தனித்தனிக் கூண்டு. மொத்தம் n−1 கூண்டுகள், n புறாக்கள், ஏதோ ஒன்றில் இரண்டு விழும். ஆனால் அந்தக் கூட்டுக் கூண்டில் இரண்டு விழுந்தால் என்ன? ஒன்று 0 ஆகவும் மற்றது n−1 ஆகவும் இருந்துவிட்டால் நம் வாதம் கவிழ்ந்துவிடுமே. அப்படி இருக்க முடியாது என்பதை இங்கேயும் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த வடிவம் பார்க்கச் சுருக்கமாக இருப்பதாலேயே அந்த வரி மறந்துபோகிறது. புதியவர்களுக்கு முதல் வடிவமே நல்லது என்பது என் கருத்து.

கணினியில் சரிபார்க்க

நிரூபணம் கைவசம் இருக்கும்போது சோதனை அவசியமில்லைதான். ஆனாலும் சிறிய கோட்டுருக்கள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வரைந்து பார்த்தால் ஒரு தெளிவு வரும். n முனைகளுக்கு, ஒவ்வொரு ஜோடிக்கும் விளிம்பு உண்டு அல்லது இல்லை என்று முடிவெடுத்தால் ஒரு கோட்டுரு உருவாகிறது. கீழே உள்ள பைத்தான் நிரல், எல்லாப் படிகளும் வெவ்வேறாக அமைந்த கோட்டுருக்கள் எத்தனை என்று எண்ணுகிறது.

```python
from itertools import combinations, product

def all_different(n):
    pairs = list(combinations(range(n), 2))
    count = 0
    for bits in product([0, 1], repeat=len(pairs)):
        deg = [0] * n
        for (u, v), b in zip(pairs, bits):
            deg[u] += b
            deg[v] += b
        if len(set(deg)) == n:
            count += 1
    return count

for n in range(1, 7):
    print(n, all_different(n))
```

n = 1-க்கு 1 என்று வரும், நாம் சற்று முன் பார்த்த அந்த ஒற்றை முனைதான். 2 முதல் 6 வரை எல்லாம் 0. ஆறு முனைகளுக்கு 32,768 கோட்டுருக்கள்தான், ஆகவே சட்டென்று முடிந்துவிடும். ஏழுக்குப் போனால் 20 லட்சத்தைத் தாண்டும், சற்றுக் காத்திருக்க வேண்டும். பத்து முனைகள் என்றால் ஏறக்குறைய 35 லட்சம் கோடி. அங்கே நிரலை நம்பிப் பயனில்லை. நாலு வரி நிரூபணமோ பத்துக்கும் செல்லும், பத்துக் கோடிக்கும் செல்லும்.

எத்தனை ஜோடி?

கூற்று ஒரு ஜோடி உண்டு என்று மட்டும்தான் சொல்கிறது. எந்த இரண்டு முனைகள், அவற்றின் படி என்ன, வேறு ஜோடிகள் உண்டா என்பதைப் பற்றியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. தென்மாநில வரைபடத்தில் இரண்டு ஜோடிகள் கிடைத்தன. குறைத்துக் குறைத்து ஒரே ஜோடிக்குக் கொண்டுவர முடியுமா? முடியும். அதைச் செய்யும் முறை அழகானது.

ஆறு முனைகளுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுங்கள். இரண்டு முனைகளின் எண்களைக் கூட்டி, 7 அல்லது அதற்கு மேல் வந்தால் விளிம்பு போடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். முனை 1 எதோடு சேரும்? 6-ஓடு மட்டும். முனை 2, 5-ஓடும் 6-ஓடும் சேரும். முனை 3-க்கு 4, 5, 6. முனை 4-க்கு 3, 5, 6. தனக்குத்தானே கூட்டினால் 8 வருகிறது, ஆனால் தன்னோடு தான் சேரக் கூடாது என்பதால் அதை விட்டுவிட வேண்டும், ஆகவே மூன்றுதான். முனை 5-க்கு 2, 3, 4, 6. முனை 6-க்கு மற்ற ஐந்தும். படிகள் 1, 2, 3, 3, 4, 5. மூன்றாவதும் நான்காவதும் மட்டும் மோதுகின்றன, மற்றவை எல்லாம் தனித்தனி. எத்தனை முனைகளாக இருந்தாலும், 7-க்குப் பதில் n+1 என்று வைத்துக்கொண்டால் இதே முறை செல்லும்.

இந்தப் படத்தையே தலைகீழாக்கி, விளிம்பு இருந்த இடத்தில் அழித்து, இல்லாத இடத்தில் போட்டால், ஒவ்வொரு படியும் ஐந்திலிருந்து கழிந்து 4, 3, 2, 2, 1, 0 ஆகும். இங்கேயும் ஒரே ஜோடிதான். மெஹ்தி பெஸாத், கேரி சார்ட்ரண்ட் என்ற இருவர் 1967இல் காட்டியது என்னவென்றால், n ≥ 2 ஆக உள்ள ஒவ்வொரு n-க்கும் இப்படி ஒரே ஜோடி மட்டும் உள்ள கோட்டுருக்கள் சரியாக இரண்டுதான், முனைகளுக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதைப் பொருட்படுத்தாவிட்டால். அவை ஒன்றையொன்று தலைகீழாக்கியவை. நாம் இப்போது வரைந்தவை அவைதான்.

கூற்று செல்லாத இடங்கள்

முன்பு வைத்த இரண்டு நிபந்தனைகளுக்கு இங்கே வேலை வருகிறது. இரண்டு முனைகளுக்கு நடுவில் பல விளிம்புகளை அனுமதித்தால் கூற்று உடைந்துவிடும். அ, ஆ, இ என்று மூன்று ஊர்கள். அ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவே இரண்டு சாலைகள், அ-வுக்கும் இ-க்கும் நடுவே ஒரு சாலை. அ-வின் படி 3, ஆ-வின் படி 2, இ-யின் படி 1. எல்லாம் வெவ்வேறு. எங்கே உடைந்தது? மூன்று முனைகளுக்குப் படி அதிகபட்சம் 2 என்ற வரம்பு போய்விட்டது, கூண்டுகளுக்கு எல்லை இல்லாமல் போனது.

1736இல் ஆய்லர் ஆராய்ந்த கோனிக்ஸ்பர்க் பாலங்களின் கணக்கு கேள்விப்பட்டிருப்பீர்கள். நாலு நிலப்பகுதிகள், ஏழு பாலங்கள், படிகள் 5, 3, 3, 3. அதில் மூன்று 3 வருகிறதே என்று நம் கூற்றை அங்கே சாட்சிக்கு அழைக்காதீர்கள். ஒரே இரு நிலங்களுக்கு நடுவே இரண்டு பாலங்கள் இருப்பதால் அது எளிய கோட்டுரு அல்ல. அங்கே படிகள் ஒத்துப்போனது அந்த ஊரின் அமைப்பால், நம் வாதத்தால் அல்ல.

விளிம்புக்குத் திசை வந்தாலும் கதை மாறும். நாலு கிரிக்கெட் அணிகள் ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் ஒரு முறை ஆடுகின்றன, எந்த ஆட்டமும் சமனில் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அணி மூன்றிலும் ஜெயிக்கிறது, இரண்டாம் அணி முதல் அணியிடம் மட்டும் தோற்கிறது, மூன்றாம் அணி நாலாவதை மட்டும் ஜெயிக்கிறது, நாலாவதுக்கு ஒரு வெற்றியும் இல்லை. வெற்றிகள் 3, 2, 1, 0. புள்ளிப்பட்டியலில் எந்த இரண்டு அணிகளும் சமமாக இல்லை. எல்லாரையும் ஜெயித்த அணியும் யாரையும் ஜெயிக்காத அணியும் ஒரே போட்டித்தொடரில் தாராளமாக இருக்கலாம், ஏனென்றால் நான் உன்னை ஜெயித்தேன் என்றால் நீ என்னை ஜெயித்தாய் என்று ஆகாது. நம் முரண்பாடு உறவு இருபக்கமும் ஒன்றாக இருப்பதில்தான் நிற்கிறது. சமூக ஊடகங்களிலும் இதே வேறுபாட்டைப் பார்க்கலாம். இருவரும் ஒப்புக்கொண்டால்தான் நட்பு என்ற தளத்தில், கணக்கு வைத்திருப்பவர்களில் இருவருக்காவது நண்பர்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும். ஒருவர் மற்றவரைத் தன்பாட்டுக்குப் பின்தொடரலாம் என்ற தளத்தில் அந்த உறுதி கிடையாது.

முனைகளுக்கு முடிவே இல்லை என்றாலும் கூற்று செல்லாது. 1-ஐ 2-ஓடு இணையுங்கள். 2-க்கு ஏற்கெனவே ஒரு விளிம்பு இருப்பதால் இன்னும் ஒன்று, 3-ஓடு. 3-க்கு இன்னும் இரண்டு வேண்டும், 4-ஓடும் 5-ஓடும். 4-க்கு இன்னும் மூன்று, அடுத்துக் காத்திருக்கும் 6, 7, 8. இப்படியே போய்க்கொண்டிருந்தால் முனை 1-க்குப் படி 1, முனை 2-க்குப் படி 2, முனை 100-க்குப் படி 100. எந்த இரண்டும் ஒன்றல்ல. புதுப் புது முனைகள் வந்துகொண்டே இருப்பதால் ஒருபோதும் நெருக்கடி வருவதில்லை.

நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

இதே கருத்தைக் கொண்டு ஒரு பழைய கைகுலுக்கல் புதிரை அவிழ்க்கலாம். ஒரு விருந்தில் நாலு தம்பதிகள், ஆக எட்டுப் பேர். சிலர் சிலரோடு கைகுலுக்குகிறார்கள். யாரும் தன் கணவரோடோ மனைவியோடோ கைகுலுக்கவில்லை, ஒரே ஆளோடு இரண்டு முறையும் குலுக்கவில்லை. முடிவில் ஒரு கணவர் மற்ற ஏழு பேரிடமும் எத்தனை பேரோடு கைகுலுக்கினீர்கள் என்று கேட்கிறார். ஏழு பேரும் ஏழு வெவ்வேறு எண்கள் சொல்கிறார்கள். அவருடைய மனைவி சொன்ன எண் என்ன?

முதல் தடவை கேட்கும்போது தகவல் போதாது என்றுதான் தோன்றும். மேலே படிப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து முயன்று பாருங்கள்.

ஒருவர் தன்னையும் தன் துணையையும் விட்டால் மிச்சம் ஆறு பேர். ஆகவே எண்கள் 0 முதல் 6 வரைதான் இருக்க முடியும், ஏழு எண்கள். ஏழு பேரும் வெவ்வேறு எண் சொன்னார்கள் என்றால் 0, 1, 2, 3, 4, 5, 6 ஒவ்வொன்றும் ஒருமுறை வந்துவிட்டது. 6 சொன்னவரைப் பிடியுங்கள். அவர் தன் துணையைத் தவிர மற்ற எல்லாரோடும் கைகுலுக்கியிருக்கிறார். அப்படியென்றால் அந்த எல்லாருக்கும் குறைந்தது ஒரு கைகுலுக்கலாவது உண்டு. 0 சொன்னவர் அவர்களில் ஒருவராக இருக்க முடியாது. ஆகவே 0 சொன்னவர்தான் 6 சொன்னவரின் துணை. எல்லாரோடும் சேர்ந்த ஒருவரும் யாரோடும் சேராத ஒருவரும் ஒரே கோட்டுருவில் இருக்க முடியாது என்றோமே, இங்கே தம்பதிக்குள் கைகுலுக்கல் இல்லை என்ற விதிவிலக்கு இருப்பதால் அந்த இருவரும் தம்பதியாக மட்டும் சேர்ந்து இருக்க முடிகிறது.

இந்தத் தம்பதியை விருந்திலிருந்து அனுப்பிவிடுங்கள். மிச்சமுள்ள ஒவ்வொருவரும் 6-காரரோடு ஒருமுறை கைகுலுக்கியவர்கள், 0-காரரோடு குலுக்காதவர்கள். ஆகவே எல்லாருடைய எண்ணிக்கையிலும் ஒன்று குறையும். 1, 2, 3, 4, 5 என்றிருந்தவை 0, 1, 2, 3, 4 ஆகின்றன, விருந்தில் ஆறு பேர். அதே வாதத்தை மறுபடியும் ஓட்டினால், முதலில் 5 சொன்னவரும் 1 சொன்னவரும் தம்பதி. அவர்களையும் அனுப்பினால் 4 சொன்னவரும் 2 சொன்னவரும் தம்பதி. மிஞ்சியவர் 3 சொன்னவர். அவர்தான் கேள்வி கேட்டவரின் மனைவி.

கேட்டவர் எத்தனை பேரோடு குலுக்கினார்? ஒவ்வொரு சுற்றிலும் அனுப்பியவர்களில் பெரிய எண்காரரோடு ஒருமுறை, சின்ன எண்காரரோடு இல்லை. மூன்று சுற்று, ஆக அவருக்கும் 3. எட்டுப் பேரில் இருவருக்கு எண் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்பது நமக்கு முன்பே தெரியும். ஏழு பேர் தனித்தனி எண் சொல்லிவிட்டதால் மோதலில் ஒருவர் கேள்வி கேட்டவராகத்தான் இருக்க வேண்டும். மற்றவர் அவருடைய மனைவி.